குழுப் படத்தில் முகங்கள் ஏன் வரிசை மாறுகின்றன?

ஓபன்சிவியின் `detectMultiScale` ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கட்டம் தருகிறது: இடது விளிம்பு x, மேல் விளிம்பு y, அகலம், உயரம். படத்தைப் பல அளவுகளில் தேடுவதால் கட்டங்கள் பிள்ளைகள் நிற்கும் வரிசைப்படி வருவதில்லை. அப்படியே வெட்டி அடையாள அட்டைகளில் இட்டால் ஒருவர் அட்டையில் இன்னொருவர் முகம் ஏறிவிடும்.

திருப்புட்குழி வகுப்பொன்றில் 36 பேர், வரிசைக்கு 12 பேராக நிற்பதாகக் கொள்க. கட்டங்களை y-படி அடுக்கி, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் x-படி அடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியலும் நின்ற வரிசையிலேயே இருக்க வேண்டும்.

37 கட்டங்கள் வந்தால் சட்டை மடிப்போ ஜன்னலோ முகமாகப் பிடிபட்டிருக்கும்; `minNeighbors` மதிப்பை 3-லிருந்து 5 ஆக்கலாம். 35 வந்தால், தலை திருப்பிய ஒருவர் விடுபட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் எண்ணிக்கை 36 என்றே காட்டும். ஆகவே அச்சுக்கு முன் வகுப்பாசிரியர் முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டே தீர வேண்டும்.