குளோரின் நீரும் நீச்சல்காரர் தோலும்

நீச்சல் குளத்தில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரின், தோலையும் முடியையும் காக்கும் இயற்கை எண்ணெய்ப் பசையையும் அகற்றிவிடுகிறது. அன்றாடம் நீந்துபவர்களின் முழங்காலிலும் முன்கையிலும் தோல் வெளிறிச் செதில் உதிர்வதும், முடி நார்போல் சொரசொரப்பதும் இதனால்தான்.

‘நீச்சல்காரர் அரிப்பு’ வேறு. நீர்நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழுக்கள், பறவை என்று எண்ணியோ என்னவோ, மனிதத் தோலுக்குள் நுழைந்து அங்கேயே மடிகின்றன. அதற்கு உடல் காட்டும் ஒவ்வாமையே சிவந்த சிறு கொப்புளங்கள். இவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாமாக அடங்கும். ஏரியில் நீந்தினால் இது வரலாம். முறையாகப் பராமரித்துக் குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் வராது. ஆகவே அங்கே வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் வறட்சியே காரணம்.

பாதுகாப்பு, குளத்தில் இறங்கும் முன்பே தொடங்குகிறது. நல்ல தண்ணீரில் முன்னதாக ஊறிய முடி, குளத்து நீரைக் குறைவாகவே உறிஞ்சும். அந்தக் குளியலில் வியர்வையும் போய்விடும். வியர்வையோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் கண்ணை எரிய வைக்கிறது, மூக்கைத் துளைக்கும் நெடியும் அதனுடையதே. முடி நுனியில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவித் தொப்பி அணியலாம். கரையேறியதும் தாமதிக்காமல் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் குளித்து, ஈரம் முழுதும் காயும் முன் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். தோல் வெடித்து நீர் கசிந்தால் நீச்சலை நிறுத்தித் தோல் மருத்துவரைப் பாருங்கள்.