ஏழில் ஆட மூன்று அடி போதும்

ஏழு தட்டுத் தாளத்தில் ஆடுகிறவர் ஏழு வரை எண்ணுவதில்லை. மாசிடோனியாவின் லெஸ்னோட்டோ நடனத்தில் ஒரு சுற்றுக்கு எண்ணுவது மூன்றே அடி. முதல் அடி நீளம், அடுத்த இரண்டும் குட்டை: 3+2+2. நம் மிஸ்ர சாப்பின் ‘தகிட தக திமி’யும் இதே கணக்குதான்.

டிரம்ஸுக்கு எழுதும்போது கிக்கை 1-இல் வையுங்கள். ஸ்னேரை 4-லும் 6-லும். ஹை-ஹாட் ஏழையும் சீராகத் தட்டட்டும். பேஸ் கிட்டாரும் அந்த மூன்று இடங்களையே அழுத்தட்டும். பாட்டின் நடுவே பிரிவை 2+2+3 என்று மாற்றினால் ஆடுபவரின் கால் தடுமாறிவிடும்.

எழுதி முடித்ததும் அதைப் போட்டு நடந்து பாருங்கள். கடைசியில் வராத எட்டாவது தட்டுக்காகக் கால் காத்து நின்றால், 1-இல் விழும் கிக்கை இன்னும் அழுத்தமாக்குங்கள்.