வடித்த தண்ணீரில் போவது என்ன?

அமெரிக்காவின் ராபர்ட் ஹீனியும் கானி வீவரும் தம் குழுவினருடன் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நேரடிக் கேள்வி இருந்தது: பாலக்கீரையில் இருக்கும் கால்சியத்தில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது? கீரை வளரும்போதே அடையாளமிட்ட கால்சியத்தை அதற்குக் கொடுத்து, அந்தக் கீரையை 13 பேருக்குச் சாப்பிடத் தந்து, ரத்தத்தில் தேடிப் பார்த்தார்கள். பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் 28 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. கீரையிலிருந்து சேர்ந்தது 5 சதவீதம் மட்டுமே.

காரணம் ஆக்ஸலேட். கால்சியத்தைக் கண்டால் உடனே பற்றிக்கொள்ளும் பொருள் இது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத படிகமாகிவிடும். குடல் அதை உறிஞ்ச முடியாது. பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும்.

செடிக்கு இது எதற்கு? மண்ணிலிருந்து வேர் உறிஞ்சும் கால்சியம் இலையில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் செல்லின் வேலை கெடும். மிச்சத்தை ஆக்ஸலேட்டோடு பிணைத்துப் படிகமாக ஒதுக்கி வைப்பது ஒரு வழி. இலையைத் தின்னும் பூச்சிகளின் வாய்க்கும் அந்தப் படிகம் இடைஞ்சல். அதோடு, நைட்ரேட் உரத்தைச் செடி பயன்படுத்தும்போது செல்லுக்குள் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சமன்செய்யவும் ஆக்ஸாலிக் அமிலம் உதவுகிறது. பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் அதே குடும்பம்தான். ஆக்ஸலேட்டைச் சேர்த்து வைப்பது இவற்றின் குடும்ப வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் பச்சைப் பாலக்கில் கால்சியம் சுமார் 100 மில்லிகிராம். ஆக்ஸலேட் ரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப மாறும். 700 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் கால்சியத்தைப் பிடிக்க 2.2 கிராம் ஆக்ஸலேட் போதும். ஆக, கீரையின் சொந்தக் கால்சியம் முழுவதையும் பிடிக்க 220 மில்லிகிராம் போதும். மீதி 480 மில்லிகிராம் பொட்டாசியம், சோடியத்தோடு சேர்ந்து கரையும் நிலையில் இருக்கிறது. அது தட்டில் உள்ள மற்ற உணவின் கால்சியத்தைத் தேடும். கணக்குப்படி சுமார் 218 மில்லிகிராமைப் பிடிக்க அதற்குத் திராணி உண்டு. ஒரு டம்ளர் பாலில் இருப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். குடலில் எல்லாம் முழுமையாகச் சேர்ந்துவிடாது என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவு. ஆனாலும் இழப்பு இருக்கிறது.

இங்கேதான் சமையல் நுழைகிறது. சூடு ஆக்ஸலேட்டை அழிப்பதில்லை. செல்லின் சவ்வைக் கிழித்து அதை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். கரையும் பகுதி கொதிநீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் பலன். பல காய்கறிகளை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்ததில் கரையும் ஆக்ஸலேட் 30 முதல் 87 சதவீதம் வரை குறைந்தது. ஆவியில் வேகவைத்ததில் 5 முதல் 53 சதவீதம்தான். கீரைத் தண்ணீரோடு சேர்த்தே கடைந்தால் எதுவும் குறையாது. பொரியலிலும் அப்படியே: தண்ணீர் ஆவியாகப் போகும், ஆக்ஸலேட் தங்கிவிடும்.

வடித்துவிட்டால் பாலக் கால்சியம் தரும் கீரையாகிவிடுமா? ஆகாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. படிகமாகிவிட்ட கால்சியம் கொதிநீரிலும் கரையாது. வடிப்பதால் தப்புவது பக்கத்தில் இருக்கும் தயிரின், பனீரின் கால்சியம். மேலே சொன்ன 480 பாதியானால், அது பிடிக்கக்கூடியதும் 109 மில்லிகிராமாகக் குறையும். இதற்கும் ஒரு விலை உண்டு: வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் அதே தண்ணீரில் போகும். பீட்டா கரோட்டின் பெரும்பாலும் இலையிலேயே நிற்கும். கால்சியத்துக்காகவே கீரை வேண்டும் என்றால் வேறு குடும்பத்தில் தேடுவதே சரி. முட்டைக்கோஸின் உறவான கேல் கீரையில் ஆக்ஸலேட் மிகக் குறைவு. அதன் கால்சியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் உடம்பில் சேர்வதாக ஹீனியும் வீவரும் 1990இல் காட்டினார்கள்.

பீட்ரூட் கிழங்கில் ஆக்ஸலேட் பாலக்கைவிடப் பல மடங்கு குறைவு, கால்சியமும் சொற்பம். தோலோடு முழுசாக வேகவைத்தால் உள்ளிருப்பது அதிகம் வெளியேறாது. நறுக்கி வேகவைத்தால் தண்ணீரில் இறங்கும், கூடவே சிவப்பும் இறங்கும். பச்சையாக அரைத்த ஜூஸில் கரையும் ஆக்ஸலேட் அப்படியே வரும். அதன் இலையோ பாலக்குக்குச் சளைத்ததல்ல. கூட்டு வைப்பவர்கள் அதையும் வேகவைத்து வடிப்பது நல்லது.

சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக் கணக்கு சற்றுத் திரும்பிவிடுகிறது. அவர்களுக்குச் சிக்கல் கால்சியம் வீணாவது அல்ல. கால்சியத்தோடு சேராத ஆக்ஸலேட் ரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரில் இறங்கி, அங்கே கல்லாவதுதான். அது குடலிலேயே கால்சியத்தைச் சந்தித்துவிட்டால் உள்ளே போகாது. 45,000க்கும் அதிகமான ஆண்களைக் கவனித்த 1993ஆம் ஆண்டு ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. கல்லுக்குப் பயந்து பாலையும் தயிரையும் ஒதுக்கிவிட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள். வடித்த பாலக்கோடு அதே வேளையில் பனீரோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக்கொள்வது அவர்களுக்கு அதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது.