எழுதிய கணக்கும் தேய்ந்த கணக்கும்

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து நான்கு கேமராக்களைப் பதிவு செய்கிறார். 11 மாதங்களுக்கு முன் அதன் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. கேமரா மாட்டும் பையன் வந்து 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுவிட்டு, “இதுல சுத்துற சாமானே கிடையாது அண்ணாச்சி, தேயவே தேயாது” என்று சொல்லிப் போயிருக்கிறான். சுற்றுவது எதுவும் இல்லை என்பது உண்மை. தேயாது என்பதுதான் தப்பு.

எஸ்.எஸ்.டி.யின் சிப்புக்குள் ஒவ்வொரு தகவலும் ஒரு நுண்ணிய அறையில் மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது. அறையின் சுவர் மிக மெல்லிய காப்புப் படலம். பழையதை அழித்துப் புதியதை எழுதும்போதெல்லாம் உயர் மின்னழுத்தத்தால் எலக்ட்ரான்களை அந்தச் சுவரின் ஊடாகத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்படித் தள்ளத் தள்ளச் சுவர் பலவீனமாகி, ஒருநாள் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். படிப்பதால் தேய்மானம் மிகக் குறைவு, எழுதுவதுதான் தேய்க்கிறது.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் தருகிறார்கள்: மொத்தம் இத்தனை டெராபைட் எழுதலாம் என்ற வரம்பு. பெரும்பாலும் இது பெட்டியில் இருக்காது, மாடல் பெயரைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் தேட வேண்டும். அண்ணாச்சியின் டிரைவுக்கு 80 டெராபைட். அதாவது முழு டிரைவையும் சுமார் 333 தடவை நிரப்பி அழிக்கலாம். வாரண்டி வருடமோ இந்த எண்ணோ, எது முந்துகிறதோ அதோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது.

இதுவரை எவ்வளவு எழுதியிருக்கிறது என்பதை டிரைவே எண்ணி வைத்திருக்கும், பைக்கின் கிலோமீட்டர் மாதிரி. விண்டோஸில் CrystalDiskInfo என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் Total Host Writes என்ற வரியில் தெரியும். அண்ணாச்சி கடையில் அது 57,216 GB காட்டியது. 335 நாளால் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 171 ஜிபி. நம்ப முடியாமல் வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட். நான்கும் சேர்ந்து 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். ஒரு நாளில் 86,400 நொடி. பெருக்கினால் 172.8 ஜிபி. சரியாகத்தான் இருக்கிறது. நேற்றைய பதிவு கையில் இருந்தால் போதும் என்று அண்ணாச்சி நினைத்ததால், டிரைவ் கிட்டத்தட்ட தினமும் தன்னைத் தானே அழித்து எழுதிக்கொண்டிருந்தது.

80,000-இல் 57,216 போக மிச்சம் 22,784 ஜிபி. 171-ஆல் வகுத்தால் 133 நாள்.

“நாலரை மாசத்துல செத்துருமா, தம்பி?”

அங்கேதான் இரண்டாவது எண் வருகிறது. அதே திரையில் Health Status 62% என்று இருந்தது. 80-இல் 57 போய்விட்ட டிரைவுக்கு 62 சதவீத ஆரோக்கியம் எப்படி? டி.பி.டபிள்யூ. என்பது கம்ப்யூட்டர் அனுப்பியதை எண்ணும் கணக்கு. பல டிரைவ்களில் ஆரோக்கிய சதவீதம், உள்ளே சிப் உண்மையில் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்பதை வைத்துப் போடப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. டிரைவால் சின்னப் பக்கமாக எழுத முடியும், ஆனால் பெரிய தொகுதியாக மட்டுமே அழிக்க முடியும். அங்கங்கே சிறுசிறு துண்டாக எழுதினால், நல்ல தகவலை வேறு இடத்துக்குப் பெயர்த்துவிட்டுத்தான் தொகுதியை அழிக்க வேண்டும். அப்படிப் பெயர்ப்பதும் எழுத்துதான். கேமரா பதிவோ ஒரே நீளமாக ஓடுவது, அதில் இந்த வீண் எழுத்து குறைவு. டி.பி.டபிள்யூ.வை நிர்ணயிக்கும் சோதனைகளில் துண்டு துண்டான எழுத்து அதிகம் என்பதால், நீள ஓட்டத்துக்கு அந்த எண் கஞ்சத்தனமாக இருக்கும். 57 டெராபைட்டுக்கு 38 சதவீதம் தேய்ந்திருக்கிறது என்றால் 150 வரை தாங்கும். இதே வேகத்தில் இன்னும் ஒன்றரை வருடம். வாரண்டிக்கு நாலரை மாதம், சிப்புக்கு ஒன்றரை வருடம்.

என் லேப்டாப்பில் இது தலைகீழ். அது லினக்ஸ், `smartctl -a /dev/nvme0` என்று கேட்டால் இப்படிச் சொல்கிறது:

```
Percentage Used:      9%
Data Units Written:   41,237,904 [21.1 TB]
```

500 ஜிபி டிரைவ், வரம்பு 300 டெராபைட், வாங்கி 40 மாதம். எழுதிய கணக்கில் 7 சதவீதம்தான், தேய்ந்த கணக்கில் 9. பிரவுசரும் மின்னஞ்சலும் நாள் முழுக்கச் சிறு துண்டுகளாக எழுதிக்கொண்டே இருப்பதன் விலையாக இருக்கும் அந்த இரண்டு சதவீதம். ஆனாலும் இதே வேகத்தில் இன்னும் 33 வருடம் வருகிறது! அவ்வளவு நாள் அந்த லேப்டாப்பின் கீல்கூடத் தாங்காது.

எண்ணைப் படிக்கும்போது அலகில் ஏமாறுவது சகஜம். மேலே உள்ள எண்ணில் ஓர் அலகு 5,12,000 பைட். பழைய சாட்டா வகை டிரைவ்களில் 241 என்ற வரி சிலவற்றில் 512 பைட்டாக எண்ணும், சிலவற்றில் 32 மெகாபைட்டாக, சிலவற்றில் ஜிபியாகவே. சந்தேகம் வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு, 10 ஜிபி கோப்பு ஒன்றைப் பிரதியெடுத்து, எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். அலகு பிடிபட்டுவிடும்.

வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும்? தி டெக் ரிப்போர்ட் இதழ் 2013-இல் தொடங்கி ஆறு டிரைவ்களைச் சாகும்வரை எழுதிப் பார்த்தது. ஆறுமே 700 டெராபைட்டைத் தாண்டின, இரண்டு 2,000-ஐயும் தாண்டின. ஆனால் அதில் இன்டெல் டிரைவ் ஒன்று, தேய்மானக் கணக்கு தீர்ந்த பிறகு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் கண்ணே திறக்கவில்லை. ஆக, வரம்பு என்பது சாகும் தேதி இல்லை. தாண்டிய பிறகு எப்படிப் போகும் என்று சொல்லவும் முடியாது. தேய்மானத்தோடு சம்பந்தமே இல்லாமல் கன்ட்ரோலர் எரிந்தோ, ஃபர்ம்வேர் குழம்பியோ 98 சதவீத ஆரோக்கியத்தில் செத்த டிரைவ்களும் உண்டு. அதை இந்தக் கணக்கு எதுவும் முன்கூட்டிச் சொல்லாது. Available Spare குறையத் தொடங்கினாலோ, Media and Data Integrity Errors பூஜ்யத்திலிருந்து நகர்ந்தாலோ, கணக்கை விட்டுவிட்டு முதலில் பிரதியெடுத்துவிட வேண்டும்.

அண்ணாச்சி கேமராக்களில், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் பதிவாகும்படி மாற்றினோம். முப்பது நாள் கழித்து மறுபடி பார்த்தேன்: 59,106. நாளுக்கு 63 ஜிபி. இதையே ஆரம்ப நாளிலிருந்து சராசரி போட்டிருந்தால் 162 என்று வந்து மறுபடியும் பயமுறுத்தியிருக்கும். இரண்டு தேதிக்கு இடைப்பட்ட கணக்குதான் இன்றைய வேகத்தைச் சொல்லும். வாரண்டி வரம்புக்கு இப்போது 11 மாதம் இருக்கிறது. தேதியையும் எண்ணையும் தினசரிக் காலண்டரின் அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார்.

“அடுத்து ஹார்ட் டிஸ்க்கே போட்டுடறேன். இதைக் கழட்டி, பேரன் போட்டோவெல்லாம் ஏத்தி, பீரோவுல வெச்சுக்கலாமா?”

வேண்டாம் என்றேன். இந்த டிரைவ்களுக்கான ஜெடெக் தரவிதி, வரம்பு தீரும் கட்டத்தில் உள்ள டிரைவ் மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைப் பிடித்து வைத்தால் போதும் என்கிறது. சூடு ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். அண்ணாச்சி வீட்டு பீரோ மொட்டைமாடிக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது.