ஐம்பதாயிரம் எப்படித் தொண்ணூற்று ஐந்தாயிரம் ஆனது?



தாயின் அறுவை சிகிச்சைக்காக வெளியில் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தார் சில மாதங்களுக்கு முன் நமது அலுவலகத்துக்கு வந்தார்கள். வாங்கியது ஐம்பதாயிரம். "ரெண்டு வட்டி", அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். மூன்று வருடமாக வட்டியும் கட்டவில்லை, அசலும் கட்டவில்லை. "மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி. முப்பத்தாறு மாதத்துக்கு முப்பத்தாறாயிரம். அசலோடு சேர்த்து 86,000 தானே வரும்? அவர் 95,331 கேட்கிறார். கணக்கில் ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டார்கள்.

கடன் கொடுத்தவரின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. அந்த வீட்டார் போட்டது தனிவட்டிக் கணக்கு, அவர் போட்டது கூட்டு வட்டிக் கணக்கு. இரண்டுக்கும் வட்டி விகிதம் ஒன்றுதான்.

மேலே போகுமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தனிவட்டியானாலும் கூட்டு வட்டியானாலும் அசலுக்கு மேல் வாங்குவது ரிபாதான், இரண்டும் ஹராம்தான். ஒன்று மற்றதைவிடப் பரவாயில்லை என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் தங்கள் கடன் எந்த இடத்தில் பெருகுகிறது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

தனிவட்டியில், முதலில் கையில் வாங்கிய தொகைக்கு மட்டுமே எப்போதும் வட்டி. ஐம்பதாயிரத்துக்கு ரெண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 12,000. முதல் வருடமும் 12,000, மூன்றாவது வருடமும் 12,000. கட்டாத வட்டி ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும், ஆனால் அந்த வட்டி குட்டி போடாது.

கூட்டு வட்டியில், குறிப்பிட்ட கெடு வந்ததும் கட்டாத வட்டியை அசலில் சேர்த்துவிடுவார்கள். அதன்பிறகு அதுவும் அசல். நாம் சொல்லும் குடும்பத்துக்கு வருடம் ஒருமுறை இது நடந்திருக்கிறது. முதல் வருட முடிவில் 50,000 ரூபாயோடு 12,000 சேர்ந்து 62,000 ஆனது. இரண்டாவது வருட வட்டி 62,000 ரூபாய்க்கு, அதாவது 14,880. கடன் 76,880 ஆகிவிட்டது. மூன்றாவது வருடம் அந்தத் தொகைக்கு வட்டி 18,451. மொத்தம் 95,331.

இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 9,331 ரூபாய். இந்தப் பணம் எதற்கு? முதல் வருடம் கட்டாத 12,000 ரூபாய்க்கு இரண்டாவது வருடம் போட்ட வட்டி 2,880. இரண்டு வருடமும் கட்டாமல் சேர்ந்திருந்த 26,880 ரூபாய்க்கு மூன்றாவது வருடம் போட்ட வட்டி 6,451. இரண்டையும் கூட்டினால் அதே 9,331 வரும். இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அந்த வீட்டார் கையில் வாங்கிய ஐம்பதாயிரத்துக்கான வட்டி இல்லை. முழுவதும் வட்டிக்கு வட்டி.

வட்டியைச் சேர்க்கும் கெடு குறுகக் குறுக இது வேகமாக வளரும். இதே கடனில் மாதாமாதம் வட்டியை அசலில் சேர்த்திருந்தால் முதல் மாத வட்டி 1,000, இரண்டாவது மாதம் 1,020, மூன்றாவது மாதம் 1,040 சொச்சம் என்று ஏறி, மூன்று வருட முடிவில் 1,01,994 ரூபாய் வந்து நிற்கும். வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு! அப்போதும் வாயால் சொல்வது "ரெண்டு வட்டி"தான். ஆகவே விகிதத்தை மட்டும் கேட்டால் போதாது. கட்டாத வட்டியை அசலில் சேர்ப்பார்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சேர்ப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வட்டியைத் தவறாமல் கட்டியவருக்கு தனிவட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசமே இல்லை. சேர்ப்பதற்குக் கட்டாத வட்டி என்று எதுவும் இருக்காது. கட்ட முடியாமல் போனவரிடம்தான் கூட்டு வட்டி வேலை செய்கிறது. அதாவது நோயாளி இருக்கும் வீட்டிலும், வேலை போன வீட்டிலும்.

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளிடம் இருந்த வழக்கமும் இதுதான். கெடு வந்ததும் கடனாளியிடம், "கட்டுகிறாயா, கூட்டித் தருகிறாயா?" என்று கேட்பார்கள். கட்ட முடியாதவருக்குத் தவணையும் நீளும், கடனும் பெருகும். பன்மடங்காகப் பெருகும் வட்டியை உண்ணாதீர்கள் என்ற கருத்தில் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆவது வசனம் தடுப்பது இந்தப் பழக்கத்தை முன்வைத்துத்தான் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகிறார்கள். பெருகாத வட்டி ஆகுமானது என்று அதற்குப் பொருள் இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 279ஆவது வசனம் கொடுத்தவருக்கு அசலை மட்டுமே உரிமையாக்குகிறது. அடுத்த வசனம், கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. அந்த அவகாசத்துக்கு விலை இல்லை.

நம் ஊர்களில் "கூட்டு வட்டிக்குத் தருகிறேன்" என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அது "நோட்டு மாற்றி எழுதுவோம்" என்ற பேச்சாக வருகிறது. புரோநோட்டின் பேரில் வழக்குப் போடுவதற்குச் சட்டப்படி மூன்று வருடக் கெடு உண்டு. அது காலாவதி ஆகிவிடக் கூடாது என்று காரணம் சொல்லி, சிலர் வருடா வருடமும் சிலர் மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் புது நோட்டு எழுதி வாங்குகிறார்கள். புது நோட்டில் அசல் என்று எழுதுவது பழைய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையை. அந்தக் குடும்பத்தில் 62,000 ரூபாய்க்கு ஒரு நோட்டு, 76,880 ரூபாய்க்கு ஒரு நோட்டு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தொகையை "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று வேறு அதில் எழுதியிருக்கிறது. இதைவிட வருத்தமானது, முதல் நோட்டைத் திரும்ப வாங்கவே இல்லை. அது கொடுத்தவர் கையில் இருக்கும்வரை ஒரே கடனுக்கு இரண்டு பத்திரம்.

காலாவதி ஆகாமல் இருக்க நோட்டையே மாற்ற வேண்டியதில்லை. கெடு முடியுமுன் ஒரு தொகையைக் கட்டி, அதைப் பழைய நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதிக் கடனாளி கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடக் கெடு தொடங்கும். கொடுத்தவரின் பயமும் தீரும், அசலும் ஐம்பதாயிரமாகவே நிற்கும். அப்படியும் புது நோட்டுதான் வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால், அவருக்கு வேண்டியது காலக்கெடு அல்ல, வட்டிக்கு வட்டி என்று புரிந்துகொள்ளலாம்.

ஜமாஅத் பெரியவர்கள் இருவருடன் சென்று கடன் கொடுத்தவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினோம். அசலோடு முடித்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. நெடுநேரம் பேசியபின் அந்த 9,331 ரூபாயை விட்டுக்கொடுத்தார். மேலும் வட்டி ஏறாமல் தவணையில் வாங்கிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். பழைய நோட்டுகளை எங்கள் முன்னிலையில் கிழித்தார். நாங்கள் எதிர்பார்த்தது இதைவிட அதிகம், கிடைத்தது இவ்வளவுதான்.

இதுபோன்ற கடன் உள்ளவர்கள் அடுத்த நோட்டில் கையெழுத்திடுமுன் நம்மிடம் வாருங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எந்தத் தேதியில், இதுவரை எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். வருபவர் பெயரோ விவரமோ வெளியே போகாது.