ஜவுளிக்கடையில் மாத இலக்கும் ஊக்கத்தொகையும்

தருமபுரி, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களின் ஜவுளிக்கடைகளுக்குத் தீபாவளியே பெரிய பருவம். அது 2023இல் நவம்பர் 12 அன்றும், 2024இல் அக்டோபர் 31 அன்றும் வந்தது. 2023 நவம்பர் விற்பனையையே 2024 நவம்பருக்கு இலக்காக வைத்தால், பண்டிகை முடிந்த மாதத்தில் எட்டவே முடியாத தொகை ஊழியர் தலையில் விழும். வருபவரை வற்புறுத்துவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே பண்டிகைக்கு முந்தைய நாட்களைத் தனியே பிரித்து ஒப்பிட வேண்டும்.

ஊக்கத்தொகையை ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் வாடிக்கையாளருக்காகப் போட்டி மூளும். கடைக்குப் பொதுவாக வைப்பது நல்லது. உதாரணமாக, நான்கு ஊழியர் உள்ள கடையின் இலக்கு 6,00,000 ரூபாய். 6,40,000 ரூபாய்க்குப் பில் போட்டதில் 20,000 ரூபாய்த் துணி திரும்பி வந்தால் நிகர விற்பனை 6,20,000. இலக்குக்கு மேலான 20,000இல் 5 சதவீதம் 1,000 ரூபாய், ஆளுக்கு 250. திரும்பி வந்தது 50,000 என்றால் யாருக்கும் எதுவும் இல்லை.

மாதக் கடைசியில் தள்ளிவிட்ட புடவைகள் அடுத்த மாதம்தான் திரும்பும் என்பதால் 10ஆம் தேதிக்குப் பிறகே கணக்கை முடிக்க வேண்டும். விற்ற துணியைத் திரும்பப் பெறாத கடையில் இந்த முறை பயன்படாது. அங்கே பழைய வாடிக்கையாளர்கள் மீண்டும் வருகிறார்களா என்பதையே கவனிக்க வேண்டும்.