வெபினாருக்கு நிபுணரை அழைக்கும் கடிதம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகத் தோல் ஷாப்பும் உண்டு. ஐரோப்பாவுக்குப் போன சரக்கில் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கிறது என்று பயரிடமிருந்து புகார் வருகிறது. அதே தோல் இங்கே லேபில் தேறித்தான் போயிருந்தது. ‘விஷயம் தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டு, நம் ஆட்களுக்கு ஒரு வெபினார் வைத்துவிடலாம்’ என்கிறார் முதலாளி. கடிதம் எழுதும் வேலை நம்மிடம் வந்து சேர்கிறது. அதைச் சேர்ந்தே எழுதிப் பார்ப்போம்.

முதலில் தலைப்பு. ‘தோல் துறையில் குரோமியம்’ என்று எழுதத்தான் கை போகும். ஆனால் நம் பக்கத்தில் குரோமியம் என்றால் இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று மண்ணிலும் தண்ணீரிலும் இறங்கியது: 1996இல் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பாலாற்றங்கரைக் கழிவு, ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுமேடு. இன்னொன்று, பதனிட்டு முடித்த தோலுக்குள்ளேயே பிறகு உருவாவது. முதலாவதை அறிந்தவர் நிலத்தடி நீர் பற்றிப் பேசுவார். இரண்டாவதை அறிந்தவர் டிரம்முக்குள் போகும் எண்ணெயைப் பற்றிப் பேசுவார். பொதுத் தலைப்புக் கொடுத்தால், நமக்கு வேண்டாத நல்ல பேச்சு ஒன்று கிடைத்துவிடும்.

நம் சிக்கல் இரண்டாவது வகை. பதனிடப் போடும் குரோம் உப்பு மூன்றாம் நிலைக் குரோமியம். தோலைத் தோலாக்குவதே அதுதான். பிறகு மிருதுவாக வேண்டும் என்று பேட்லிக்கர், அதாவது தோலுக்கான எண்ணெய், ஏற்றுகிறோம். சில மீன் எண்ணெய்கள் காற்றுப்பட்டு, திறந்து வைத்த கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைப் போலக் கெட்டுப்போகும். அந்த மாற்றத்தின்போது மூன்றாம் நிலைக் குரோமியத்தில் கொஞ்சம் ஆறாம் நிலைக்கு ஏறிவிடும். நியூட்ரலைசேஷனில் காரம் கூடிப்போனாலும், தோல் சூடான, வறண்ட இடத்தில் கிடந்தாலும் இது நடப்பது எளிதாகிறது. அதனால்தான் இங்கே தேறிய தோல் கன்டெய்னரில் வாரக்கணக்காகக் கிடந்துவிட்டு அங்கே தவறுகிறது. உடம்பில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2015 மே முதல் இதுதான் விதி.

இவ்வளவும் தெரிந்தபின் தலைப்பு தானாகவே கேள்வியாக வருகிறது: ‘லேபில் தேறிய தோல் துறைமுகம் தாண்டியதும் ஏன் தவறுகிறது?’ இதைப் பார்க்கும் நிபுணருக்குத் தன்னால் பதில் சொல்ல முடியுமா என்று உடனே தெரியும். முடியாதென்றால், சொல்லக்கூடிய இன்னொருவரைக் காட்டுவார்.

அடுத்தது, கேட்பவர்கள் எத்தனை பேர். ‘சுமார் 100 பேர்’ என்று எழுதுவதில் பயனில்லை. ஷாப்பில் ரீடேனிங் பிரிவு ஆட்கள் 40 பேர் ஒரே ஹாலில், ஒரே திரை முன்னால் உட்காருவார்கள். பேசுகிறவருடைய கணினியில் அது ஒரு பெயராகத்தான் தெரியும். லேப், மெர்ச்சண்டைசிங் பிரிவினர் 12 பேர் தனித்தனியாக இணைவார்கள். மொத்தம் 13 பேர் கேட்பதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவார். ஆகவே இணைப்பு எத்தனை, ஆட்கள் எத்தனை என்று பிரித்துச் சொல்லிவிடுவோம். அவர்கள் யார், எந்த மொழியில் கேட்டால் புரியும் என்பதையும் சேர்ப்போம். டிரம் ஆபரேட்டருக்குத் தமிழும் உருதுவும் வசதி. மெர்ச்சண்டைசருக்கு ஆங்கிலமும் சரிதான்.

தேதியில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம், ரமலான் மாத மாலைகள், ஊரில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள் ஆகியவற்றைத் தவிர்க்கலாம். சென்னைத் தோல் கண்காட்சி நடக்கும் பிப்ரவரி முதல் வாரத்தையும் விட்டுவிடலாம், துறையில் பெயர் உள்ளவர்கள் அப்போது அங்கேதான் இருப்பார்கள். ஆறு வாரம் முன்னதாக எழுதி, இரண்டு தேதிகளைக் கொடுத்துவிட்டால் போதும்.

இனி மதிப்பூதியம். ஏறக்குறைய எல்லோரும் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். பெரியவரிடம் எடுத்த எடுப்பிலே காசு பேசுவது மரியாதை இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கூச்சத்தின் சுமை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. ஓய்வுபெற்ற விஞ்ஞானிக்கு ஆலோசனை சொல்வதே வருமானமாக இருக்கலாம். ‘எவ்வளவு தருவீர்கள்’ என்று அவராகக் கேட்க முடியாது. ‘நேரமில்லை’ என்று ஒதுங்கிவிடுவார். அவர் மறுத்தது எதனால் என்று நமக்குத் தெரியாமலே போகும்.

பணியில் இருப்பவர் என்றால் இன்னும் தெளிவு வேண்டும். அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மத்திய அரசின் சிஎஸ்ஐஆரைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட நிறுவனத்தில் வேலை செய்கிறவர் வெளியாரிடம் கட்டணம் வாங்க அனுமதி பெற வேண்டும். தொகை எழுதப்படாத கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த அனுமதியைக் கேட்பார்? நிறுவனத்தின் இயக்குநர் வழியாக எழுதி, தொகை அவருக்கா நிறுவனத்துக்கா என்பதை அவர்களையே சொல்லச் சொல்வதுதான் முறை.

தொகையில் வரிப் பிடித்தமும் இருக்கிறது. தனியாக ஆலோசனை சொல்கிறவருக்கு ஒரு கம்பெனி ஒரே நிதியாண்டில் தரும் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 15,000 ரூபாய் வீதம் மூன்று முறை அழைத்தால் 45,000, பிடித்தமில்லை. நான்காவது முறை 60,000 ஆகிறது, அப்போது மொத்தத்துக்கும் சேர்த்து 6,000 ரூபாய் பிடிக்கப்படும். முன்பே சொல்லாவிட்டால், கடைசித் தடவை கைக்கு 9,000 மட்டும் வந்ததைப் பார்த்து, குறைத்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

தர முடியாவிட்டால் ‘மதிப்பூதியம் இல்லை’ என்றே எழுதலாம், அதில் தவறில்லை. இலவசமாகப் பேச முதலில் முன்வருவது பெரும்பாலும் பேட்லிக்கர் விற்கும் கம்பெனிகளின் டெக்னீஷியன்கள்தான். அவர்களுக்குத் தொழில் நன்றாகவே தெரியும். ஆனால் எந்த எண்ணெயால் சிக்கல் வருகிறது என்று கேட்கும் கூட்டத்தில், எண்ணெய் விற்பவரின் பதிலை மட்டும் கேட்டுவிட்டு எழுவது போதாது. இந்தத் தலைப்புக்குக் காசு கொடுத்து ஒருவரை அழைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற ஒருவருக்கு எழுதுவதாக வைத்தால், கடிதம் இவ்வளவுதான்:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் ஷூ அப்பர் தோலில், அனுப்பும்போது இல்லாத ஆறாம் நிலைக் குரோமியம் இறக்குமதியாளர் சோதனையில் தெரிகிறது. “லேபில் தேறிய தோல் துறைமுகம் தாண்டியதும் ஏன் தவறுகிறது?” என்ற தலைப்பில் 40 நிமிடம் பேசி, 20 நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இயலுமா? கேட்பவர்கள் 52 பேர்: ரீடேனிங் பிரிவினர் 40 பேர் ஒரே ஹாலில், லேப், மெர்ச்சண்டைசிங் பிரிவினர் 12 பேர் தனித்தனியாக. தமிழில் பேசினால் எல்லோருக்கும் எளிது. ஜூலை 15 அல்லது 22, மதியம் 3 மணி. மதிப்பூதியம் 15,000 ரூபாய், பேசிய 10 நாளுக்குள் வங்கியில் செலுத்துவோம், சட்டப்படி பிடித்தம் இருந்தால் அதற்குரிய சான்று தருவோம். பதிவு செய்து எங்கள் ஆட்களுக்கு மட்டும் காட்ட உங்கள் ஒப்புதல் வேண்டும்.’

சம்மதம் வந்ததும் அவர் கேட்கப்போவது தவறிய சோதனை அறிக்கைகளைத்தான். பயர் பெயரை மறைத்துவிட்டு அவற்றை அனுப்புவோம். கூடவே அந்த லாட்டில் எந்த பேட்லிக்கர் எவ்வளவு போட்டோம், நியூட்ரலைசேஷன் முடிந்தபோது பிஎச் என்ன, இங்கே சோதிக்கும் முன் தோலை 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மூப்பாக்கினோமா என்ற மூன்றையும் எழுதிவிடுவோம். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், தலைப்பில் கேட்டதற்குப் பாதி விடை அவருக்கு அங்கேயே கிடைத்துவிடும். மீதி நேரத்தை எண்ணெயை மாற்றுவது, ரீடேனிங்கில் கொஞ்சம் தாவரப் பதன்பொருள் சேர்ப்பது என்று டிரம் பக்கத்து வேலைகளுக்கு அவர் ஒதுக்கலாம்.